காதுக்குள் நமைச்சல்: பட்ஸ் பெட்டியைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருப்பவர்களுக்கு

பட்ஸும் ஹேர்பின்னும் வண்டிச் சாவியும் காது நமைச்சலுக்கு மருந்து என்று நம்பியிருக்கும் அன்பர்களுக்கு,

காதுத் துளைக்குள் நாள்தோறும் நமைச்சல். குடைந்தால் குச்சி நுனியில் தவிடு போல வெள்ளைச் செதில். வலி கிடையாது, சீழ் கிடையாது, காது நன்றாகவே கேட்கிறது. ஆனாலும் ராத்திரி படுத்ததும் எறும்பு ஊர்வது போல ஆரம்பித்துவிடுகிறது. ஆண்டுக்கணக்கில் இப்படி இருந்தால் அது அழுக்கு அல்ல. துளையின் உள்தோலில் வந்திருக்கும் தோல் நோய். டாக்டர்கள் இதை எக்ஸிமா என்றோ டெர்மடைடிஸ் என்றோ எழுதுவார்கள். ஊர்வழக்கில் கரப்பான் என்று சொல்வதும் ஏறக்குறைய இதைத்தான். முழங்கை மடிப்பிலும் தலையிலும் வருகிற அதே நோய் காதுக்குள்ளும் வரும். கையில் வந்தால் தோல் டாக்டரைத் தேடிப் போகிறீர்கள். காதில் வந்தால் அழுக்கு சேர்ந்துவிட்டது என்று சுத்தம் செய்யத் தொடங்குகிறீர்கள். தொல்லை எல்லாம் அங்கிருந்துதான் வளர்கிறது.

பெரியவர்களின் காதுத் துளை சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளம். வெளிப்புறத்து மூன்றில் ஒரு பங்கு குருத்தெலும்பால் ஆனது. மயிரும் எண்ணெய்ச் சுரப்பிகளும் குறும்பியைச் சுரக்கும் சுரப்பிகளும் இந்தப் பகுதியில் மட்டுமே உண்டு. உள்ளே இருக்கும் மூன்றில் இரண்டு பங்கு எலும்புக் குழாய். அங்கே தோல் மிக மெல்லியது. அடியில் கொழுப்புத் திண்டு எதுவும் இல்லாமல் எலும்பின் மேலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. கன்னத்தில் நகம் பட்டால் கோடு விழும், ஆறிவிடும். காதின் உள்பகுதியில் அதே அழுத்தத்தில் ஒரு குச்சி உரசினால் தோலே உரிந்துவிடும். உரிந்தது உங்கள் கண்ணுக்கு எட்டாது. பஞ்சில் சில சமயம் ஒரு சிவப்புப் பொட்டு தெரியும், அவ்வளவுதான்.

இந்தத் தோலுக்கு ஓர் அதிசய குணம் உண்டு. உடம்பில் மற்ற இடங்களில் தோல் இருந்த இடத்திலேயே உதிரும். காதில் மட்டும் அது செவிப்பறையின் நடுவிலிருந்து வெளிவாசலை நோக்கி மெதுவாக நகர்ந்து வருகிறது. ஏறக்குறைய நகம் வளரும் வேகம். பழைய செதில், தூசி, குறும்பி எல்லாவற்றையும் அது தன் முதுகில் சுமந்து வந்து வாசலில் தள்ளிவிடுகிறது. பேசும்போதும் மெல்லும்போதும் தாடை அசைவதும் இதற்குத் துணை. ஆகவே நல்ல காதுக்குத் துப்புரவுப் பணியாளர் யாரும் தேவையில்லை. பட்ஸ் நுழையும்போது இந்த ஓட்டத்துக்கு எதிர்த்திசையில் போகிறது. வாசலுக்கு வந்துகொண்டிருந்ததைத் திரும்ப உள்ளே தள்ளிவிட்டு, நுனியில் ஒட்டிய கொஞ்சத்தைக் காட்டி உங்களைத் திருப்திப்படுத்துகிறது.

குறும்பிக்கும் ஒரு நியாயம் கேட்க வேண்டியிருக்கிறது. அது தோலின் கசிவும் உதிர்ந்த செதிலும் சேர்ந்த ஒரு மெழுகுப் பூச்சு. தண்ணீரை ஒட்டவிடாது. லேசான அமிலத் தன்மை உள்ளதால் பாக்டீரியாவும் பூஞ்சையும் அங்கே எளிதில் குடியேற முடியாது. எக்ஸிமா வந்த காதில் பல சமயம் டாக்டர் கருவியால் பார்த்தவுடன் கவனிப்பது குறும்பி இல்லாமையைத்தான். தோல் காய்ந்து, பளபளத்து, ஆங்காங்கே சிவந்து, ஓரத்தில் செதில் தூக்கி நிற்கும். நோய் கொஞ்சம் குறைத்த குறும்பியை, தினம் துடைக்கிற கை மிச்சமில்லாமல் ஒழித்துவிடுகிறது. காப்பு போன தோல் மேலும் காயும்; காய்ந்த தோல் மேலும் நமைக்கும்; நமைத்தால் மறுபடி குச்சி. இந்தச் சுழற்சியில் நமைச்சலை ஆரம்பித்து வைத்தது எக்ஸிமாவாக இருக்கலாம். பத்து வருஷம் அதற்குத் தீனி போட்டு வளர்த்தது குச்சி.

குடைவது சுகம் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. காதுத் துளைக்கு நாலைந்து நரம்புகளின் கிளைகள் வருகின்றன. அவற்றில் ஒன்று வயிறு, இதயம் வரை போகும் வேகஸ் நரம்பின் கிளை. சிலருக்குக் காது குடைந்தால் இருமல் வருவது அதனால்தான். கண் செருகும் அந்தச் சுகம் பொய்யல்ல. ஆனால் அது சில நிமிடங்களுக்குத்தான் நமைச்சலை மூடி வைக்கிறது. உரசப்பட்ட தோலில் அழற்சி கூடி, சற்று நேரத்தில் முன்னிலும் அதிகமாக நமைச்சல் திரும்புகிறது.

எல்லாக் காதுக்கும் நமைச்சலின் வேர் ஒன்றல்ல. நம் நாட்டில் மிகச் சாதாரணமாகக் காணக்கூடியது பொடுகோடு சேர்ந்து வருவது. தலையில் பொடுகு, புருவத்தில் செதில், மூக்கோர மடிப்பில் சிவப்பு, காதின் பின்மடிப்பில் வெடிப்பு என்று நாலு இடத்திலும் ஒரே நோய் தெரியும். செபோரிக் டெர்மடைடிஸ் என்பது இதன் பெயர். தோலின் எண்ணெயைத் தின்று வாழும் மலசீசியா என்ற ஈஸ்ட் எல்லோர் தோலிலும் இருக்கிறது. சிலருடைய தோல் மட்டும் அதைப் பொறுத்துக்கொள்ளாமல் அழற்சி காட்டுகிறது. செதில் கொஞ்சம் மஞ்சளாக, பிசுபிசுப்பாக இருக்கும். இந்த வகையில் காதுக்கு மட்டும் மருந்து போட்டுத் தலையை விட்டுவிட்டால் நோய் போகாது. இதைக் காது நோய் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களில் பலருக்கு இது உண்மையில் தலை நோய்.

இரண்டாவது வகை ஒவ்வாமையால் வருவது. தலைச்சாயம், ஷாம்பு, காது கேட்கும் கருவியின் அச்சு, இயர்போனின் ரப்பர் முனை, நிக்கல் கலந்த தோடு என்று எதுவும் காரணமாகலாம். இதில் கசப்பான வேடிக்கை ஒன்று உண்டு. நிக்கல் ஒத்துக்கொள்ளாதவர் நமைச்சல் தீர எடுத்து விடுகிற ஹேர்பின்னிலும் சாவியிலும் பெரும்பாலும் நிக்கல் இருக்கும். சொட்டு மருந்திலேயே இருக்கும் நியோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கும் இப்படி ஒவ்வாமை உண்டாக்குவதில் பெயர் போனது. அதைப் பற்றிக் கீழே வரும். மூச்சிரைப்பு, தும்மல், முழங்கை மடிப்பில் படை என்று குடும்பத்தோடு வருவது மூன்றாவது வகை. சொரியாசிஸும் காதுக்குள் வரும். அதில் செதில் தடிமனாக, வெள்ளி நிறத்தில், அடுக்கடுக்காக இருக்கும். முழங்கையையும் முழங்காலையும் பார்த்தால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

இந்த நோய் தொற்றாக மாறும் வழியை விளக்க ஓர் ஆளை எடுத்துக்கொள்ளலாம். ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுபவர், வயது நாற்பத்தைந்து. கல்லூரிக் காலத்திலிருந்தே பொடுகு. பத்து வருஷமாக வலது காதில் நமைச்சல். இடது காதில் அவ்வளவு இல்லை; வலக்கைக்காரர் என்பது அதற்குப் போதுமான விளக்கம். சட்டைப் பையில் பேனாவோடு இரண்டு பட்ஸ் இருக்கும். சனிக்கிழமை எண்ணெய்க் குளியல். தலையில் தேய்த்தது போக உள்ளங்கையில் மிஞ்சிய நல்லெண்ணெயில் ரெண்டு சொட்டு காதுக்கும் போகும். குளித்துவிட்டுத் துண்டின் நுனியைத் திரித்து உள்ளே விட்டுத் திருகுவது சின்ன வயதிலிருந்து வந்த பழக்கம்.

ஐப்பசி மழையில் ஒருநாள் அந்தக் காது அடைத்துக்கொண்டது. நமைச்சலும் கூடிவிட்டது. மருந்துக்கடையில் சொன்னார், ஒரு சொட்டு மருந்து கொடுத்தார்கள். ஆன்டிபயாடிக்கும் ஸ்டீராய்டும் கலந்தது. மூன்றே நாளில் நமைச்சல் போயிற்று. நிறுத்தினார், வந்தது. மறுபடி போட்டார், போயிற்று. இப்படி ஐந்து வாரம். ஆறாவது வாரம் காது முழுக்க அடைத்து, உள்ளே ஈரமாக ஏதோ நெளிவது போலிருந்தது. இ.என்.டி. டாக்டர் பார்த்தபோது துளை நிறைய நனைந்த காகிதத்தைக் கசக்கித் திணித்தது போல ஒரு சாம்பல் நிறத் திரள். அதன் மேல் மிளகுப்பொடி தூவியது போலக் கரும்புள்ளிகள். அஸ்பெர்ஜிலஸ் நைஜர் என்ற பூஞ்சையின் அடையாளம் அந்தப் புள்ளிகள்.

அவர் காதில் நடந்தது வரிசையாகப் புரிந்துகொள்ள வேண்டிய ஒன்று. குச்சி குறும்பியைத் துடைத்தது, தோலைக் கீறியது. குளியல் தண்ணீரும் மழைக்கால ஈரமும் எண்ணெயும் உள்ளே தங்கின. சொட்டு மருந்தின் ஆன்டிபயாடிக் பூஞ்சையோடு போட்டி போடும் பாக்டீரியாவை அழித்தது. ஸ்டீராய்டு அந்த இடத்தில் உடம்பின் எதிர்ப்பைத் தணித்து நமைச்சலை மறைத்தது. பூஞ்சைக்கு இதைவிட வசதியான வீடு கிடைக்காது. முதல் மூன்று நாள் சுகம்தான் அவரை ஏமாற்றியது. ஸ்டீராய்டு அழற்சியால் வரும் நமைச்சலைச் சில நாள் தணிக்கும். காரணம் எக்ஸிமாவா பூஞ்சையா என்று அது பார்ப்பதில்லை.

டாக்டர் உறிஞ்சு குழாயால் திரளை முழுக்க எடுத்தார். பூஞ்சைத் தொற்றில் இதுதான் பாதி மருத்துவம். திரள் இருக்கிறவரை எந்தச் சொட்டு மருந்தும் தோலைத் தொடாது. பிறகு க்ளோட்ரிமசோல் சொட்டு மூன்று வாரம். நமைச்சல் நின்ற பிறகும் விடாமல் போடச் சொன்னார். காரணம், பூஞ்சை போன மாதிரி இருந்து திரும்பும் குணம் உள்ளது. தொற்று தீர்ந்தபின் அடியில் இருந்த பழைய எக்ஸிமா தெரிந்தது. அதற்கு ஸ்டீராய்டு மட்டும் உள்ள சொட்டு பத்து நாள். தலைக்கு வாரம் இருமுறை கீட்டோகோனசோல் ஷாம்பு. பட்ஸ் கூடாது, எண்ணெய் கூடாது. இரண்டு மாதம் கழித்து அவர் மறுபடி டாக்டரிடம் போனது ஒரு புகாரோடு: காது வாசலில் தேன் நிறத்தில் ஏதோ பிசுக்கு ஒட்டுகிறது, மறுபடி அழுக்கு சேர்கிறதோ? அது குறும்பி. பத்து வருஷத்துக்குப் பிறகு அந்தக் காதில் முதல் தடவையாகச் சுரந்திருந்தது.

இவர் தப்பியது பூஞ்சையோடு. கீறலில் பாக்டீரியா நுழைந்திருந்தால் கதை இன்னும் வேகமாக நகர்ந்திருக்கும். ஈரத்தில் வாழும் சூடோமோனாஸும், தோலிலேயே இருக்கும் ஸ்டஃபைலோகாக்கஸும் ஒன்றிரண்டு நாளில் துளையை வீங்க வைத்துவிடும். நமைச்சல் எங்கே முடிகிறது, தொற்று எங்கே தொடங்குகிறது என்று வீட்டிலேயே அறிய ஓர் எளிய சோதனை உண்டு. காதுத் துளைக்கு முன்னால், கன்னத்தை ஒட்டி ஒரு சிறு குருத்து முனை இருக்கிறது. அதை விரலால் அழுத்துங்கள். பிறகு காதுமடலை மெதுவாக மேலே இழுங்கள். வெறும் எக்ஸிமாவில் இதற்கு வலிக்காது. சுள்ளென்று வலித்தால் துளையில் தொற்று வந்துவிட்டது என்று பெரும்பாலும் சொல்லலாம். நீர் வடிதல், நாற்றம், திடீர் அடைப்பு, காய்ச்சல், காதுமடல் சிவந்து வீங்குதல் இருந்தாலும் அதே முடிவுதான். அதற்குப் பிறகு வீட்டு வைத்தியத்துக்கு வேலையில்லை.

எண்ணெய் பற்றிப் பேசினால் உங்களில் பலருக்கு மனம் ஒப்பாது என்பது தெரிந்ததே. பாட்டி காய்ச்சி ஊற்றிய பூண்டு எண்ணெயை யாரும் குறை சொல்லிக் கேட்கப் பிடிக்காது. ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது. கெட்டிப்பட்ட குறும்பியை இளக்க, ஓட்டையில்லாத செவிப்பறை உள்ளவருக்குச் சில சொட்டு எண்ணெய் விடுவது டாக்டர்களும் சொல்வதுதான். பொடுகு வகை எக்ஸிமாவில் நிலைமை வேறு. மலசீசியா ஈஸ்ட் தாவர எண்ணெய்களில் உள்ள கொழுப்பு அமிலங்களைத் தின்று வளரக்கூடியது. ஆலிவ் எண்ணெய் அதற்கு மிகவும் பிடித்தமானது. அடுப்படி எண்ணெய் கிருமி நீக்கப்பட்டதும் அல்ல. பச்சைப் பூண்டு மெல்லிய தோலைப் புண்ணாக்கும். சூடு அதிகமானால் செவிப்பறை வெந்தும் போகும். தொற்று உள்ள காதில் ஊற்றிய எண்ணெய் ஈரத்தை உள்ளே பூட்டி வைக்கும். தோல் மிகவும் காய்ந்துபோய், பொடுகும் தொற்றும் இல்லாதவருக்கு எண்ணெய்ப் பசை தேவைப்பட்டால் மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் இருக்கிறது. இது தாது எண்ணெய், ஈஸ்டுக்கு உணவாகாது. வாரத்துக்கு ஒருமுறை இரண்டு துளி போதும், அதுவும் டாக்டர் ஒருமுறை செவிப்பறையைப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு.

ஹைட்ரஜன் பெராக்சைடு நுரைத்துக்கொண்டு அழுக்கைக் கொண்டுவருவது பார்க்க நன்றாக இருக்கும். எக்ஸிமா தோலுக்கு அது எரிச்சல். ஸ்பிரிட்டும் வினிகரும் சமபங்கு கலந்த சொட்டு நீச்சல்காரர்களுக்குக் காது உலர உதவும். விரிசல் விட்ட தோலில் விட்டால் உயிர் போய்விடும் எரிச்சல். ஸ்பிரிட் காய்ந்த தோலை இன்னும் காய வைக்கும். பீச்சாங்குழலில் தண்ணீர் அடித்துக் கழுவுவதும் இந்த நோய்க்கு ஏற்றதல்ல. உலர்வாக இருக்க வேண்டிய இடத்தை அது நனைக்கிறது.

மருந்துக்கடைச் சொட்டு மருந்தைப் பற்றிய மனக்குறையை ஒளிக்காமல் சொல்லலாம். காது என்றதும் மேசைக்கு வருவது பெரும்பாலும் மூன்று நான்கு மருந்து கலந்த ஒரு குப்பி. ஒரு ஆன்டிபயாடிக், ஒரு பூஞ்சை மருந்து, ஒரு ஸ்டீராய்டு, மரத்துப்போக ஒரு லிக்னோகைன். எது நோயோ அதற்கு ஒன்று பட்டுவிடும் என்ற கணக்கு. எக்ஸிமாவுக்கு இதில் வேண்டியது ஸ்டீராய்டு ஒன்றுதான். மற்றவை தேவையில்லாமல் தோலில் படுகின்றன. நியோமைசின் உள்ளதை வாரக்கணக்கில் போட்டால் சிலருக்கு அதுவே புதிய ஒவ்வாமையாகி, மருந்து போடப் போட நோய் கூடும். காதுவாசல், மடலின் கிண்ணப் பகுதி, மருந்து வழிந்து இறங்கிய கழுத்துப் பக்கம் என்று ஒரு கோடாகச் சிவந்து கொப்பளித்தால் சந்தேகப்பட வேண்டியது அந்தக் குப்பியைத்தான். இன்னொன்றும் உண்டு. நியோமைசின், ஜென்டமைசின் போன்ற மருந்துகள் செவிப்பறையில் ஓட்டை இருந்தால் உள்காதுக்குப் போய்க் கேட்கும் திறனையே கெடுக்கக்கூடும். சின்ன வயதில் காதில் சீழ் வடிந்திருந்தாலோ, காதில் அறுவை நடந்திருந்தாலோ, காதில் தண்ணீர் போனால் தலை சுற்றினாலோ, ஓட்டை இருக்கலாம். உள்ளே பார்க்காமல் கடைக்காரருக்கு அது தெரிய வழியில்லை. உங்களுக்கும் தெரியாது.

இனி, தொற்று வராமல் தணிக்கும் வழி. முதல் வேலை தண்ணீரை வெளியே நிறுத்துவது. குளிக்குமுன் சிறு பஞ்சு உருண்டையின் வெளிப்பக்கத்தில் வாஸலின் தடவி, காதுவாசலில் மூடி போல வையுங்கள். உள்ளே திணிக்க வேண்டாம். குளித்ததும் எடுத்து எறிந்துவிடுங்கள். தண்ணீர் போய்விட்டால் தலையைச் சாய்த்து, மடலைப் பின்னும் மேலுமாக இழுத்தால் வடிந்துவிடும். துண்டால் வெளிக்காதை ஒற்றினால் போதும். முடி உலர்த்தும் கருவி இருந்தால் மிகக் குறைந்த சூட்டில், ஒரு கை நீளம் தள்ளிப் பிடித்து ஒரு நிமிடம் காட்டலாம். இயர்பட்ஸ் மணிக்கணக்கில் காதில் இருந்தால் உள்ளே வியர்வை தேங்கும். நோய் அடங்கும்வரை தலைக்கு மேல் மாட்டும் ஹெட்போன் நல்லது.

பொடுகு உள்ளவர்கள் தலையைக் கவனிக்க வேண்டும். இரண்டு சதவீதக் கீட்டோகோனசோல் ஷாம்புவை வாரம் இருமுறை, இரண்டிலிருந்து நான்கு வாரம் போடுவது வழக்கம். நுரை தலையில் ஐந்து நிமிடம் நிற்க வேண்டும். போட்டவுடன் அலசினால் பயனில்லை. அதே நுரையை விரலால் காதின் பின்மடிப்பிலும் மடலின் கிண்ணத்திலும் தடவலாம். துளைக்குள் போகக்கூடாது. அலசும்போது சோப்பு மிச்சம் எதுவும் அங்கே தங்கக்கூடாது. தலை அடங்கும்போது காதும் பெரும்பாலும் அடங்கத் தொடங்கும்.

இவற்றுக்குப் பிறகும் நமைச்சல் நீடித்தால்தான் ஸ்டீராய்டு சொட்டு. டாக்டர் பார்த்து, தொற்று இல்லை, செவிப்பறை நன்றாக இருக்கிறது என்று உறுதி செய்தபின் எழுதித் தருவது அது. ஒன்றிரண்டு வாரத்துக்குத்தான். பீட்டாமெத்தசோன் சொட்டு, மொமெட்டசோன் லோஷன் போன்றவை இந்த வேலைக்கு உண்டு. லோஷன் வகைகளில் பெரும்பாலும் ஆல்கஹால் இருக்கும். விரிசல் உள்ள தோலில் எரிந்தால் டாக்டரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளலாம். சொட்டு விடும் முறையிலும் கவனம் வேண்டும். குப்பியைச் சில நிமிடம் உள்ளங்கையில் வைத்துச் சூடேற்றிக்கொள்ளுங்கள். குளிர்ந்த சொட்டு தலையைச் சுற்ற வைக்கும். ஒருக்களித்துப் படுத்து, மடலை மேலும் பின்னும் இழுத்துப் பிடித்து, சொன்ன அளவு விடுங்கள். பிறகு அந்த முன் குருத்து முனையை நாலைந்து முறை அழுத்தி விட்டால் மருந்து உள்ளே இறங்கும். ஐந்து நிமிடம் அப்படியே படுத்திருக்க வேண்டும். குப்பியின் மூக்கு காதில் படக்கூடாது. திறந்து நாலு வாரமான குப்பியைத் தூக்கி எறியுங்கள். சென்ற வருஷத்து மிச்சத்தை இந்த வருஷ நமைச்சலுக்குப் போடுவது பலர் செய்யும் தவறு. ஸ்டீராய்டை மாதக்கணக்கில் தானாகத் தொடர்ந்தால் ஏற்கெனவே மெல்லிய தோல் மேலும் மெலியும். பூஞ்சைக்கும் வழி திறக்கும். இரண்டு வாரத்தில் குணம் தெரியாவிட்டால் மருந்தைக் கூட்டக் கூடாது. நோயை மறுபடி பார்க்க வேண்டும்.

ராத்திரி நமைச்சல் தாங்காத நேரத்துக்கு ஒரு மாற்று வேண்டும். வெறுமனே கையைக் கட்டிக்கொள் என்று சொல்வது கருணையில்லாத அறிவுரை. முன் குருத்து முனையை விரலால் மூடி, வட்டமாக அசைத்துத் தேயுங்கள். உள்ளே எதையும் விடாமலே அந்த நரம்புகளுக்கு வேலை கொடுத்தது போலாகும். காதுக்கு அடியில் ஈரத்துணியை ஒற்றினாலும் நமைச்சல் தணியும். வாசலில் மட்டும், விரல் நுனியில் எடுத்த துளி வாஸலினைத் தடவலாம். சுண்டு விரல் நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். அது பட்ஸுக்கு அண்ணன்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் முதியவர்களுக்கும், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுபவர்களுக்கும் ஒரு தனி எச்சரிக்கை. இவர்களுக்குச் சூடோமோனாஸ் தொற்று துளையின் தோலோடு நிற்காமல் அடியில் உள்ள மண்டையோட்டு எலும்புக்குள் பரவக்கூடும். அடையாளம் ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கும் ஆழமான வலி. வெளியே பார்த்தால் காது அவ்வளவு மோசமாக இருக்காது. முகம் ஒரு பக்கம் கோணினால் நரம்பு வரை போய்விட்டது. இது வாரக்கணக்கில் ஊசி மருந்து வேண்டியிருக்கும் நோய். தாமதித்தால் உயிருக்கு ஆபத்து. சர்க்கரை உள்ள ஒருவர் காதைக் குடைவது, கால் புண்ணை முள்ளால் நோண்டுவதற்குச் சமம். கால் புண்ணில் அப்படிச் செய்யக்கூடாது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

கேட்பது இவ்வளவுதான். இன்றிலிருந்து ஆறு வாரம் உங்கள் காதுத் துளைக்குள் எதையும் விடாதீர்கள். பட்ஸ், ஹேர்பின், சாவி, கோழி இறகு, துண்டின் நுனி, எண்ணெய், மிச்ச மருந்து எதுவும். பொடுகு இருந்தால் தலைக்கும் மருத்துவம் பாருங்கள். இடையில் குருத்து முனையை அழுத்தி வலித்தாலோ, காதில் நீர் வடிந்தாலோ, நமைச்சல் அப்படியே நீடித்தாலோ இ.என்.டி. டாக்டரிடம் போய், மருந்து எழுதுவதற்கு முன் செவிப்பறையைப் பார்க்கச் சொல்லுங்கள். சட்டைப் பையில் இருக்கும் அந்த இரண்டு பட்ஸை இந்தக் கடிதத்தை மடிப்பதற்கு முன்பே எடுத்துக் குப்பையில் போட்டுவிடுங்கள்.